"அப்பா எப்ப வருவாரு?": சிறு குழந்தைக்குப் பெற்றோரின் மரணத்தைச் சொல்லுதல்

அப்பா இறந்துவிட்டார் என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்கிறார்கள். குழந்தை தலையாட்டுகிறது, சற்று அழுகிறது, பிறகு விளையாடப் போய்விடுகிறது. மறுநாள் காலையில் எழுந்ததும், "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்கிறது. அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. குழந்தைக்கு எதுவும் புரியவில்லை என்று சிலரும், அதற்குத் துக்கமே இல்லை என்று சிலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. செய்தி குழந்தையை எட்டியிருக்கிறது. ஆனால் பெரியவர்கள் 'மரணம்' என்று ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் பல கருத்துகளின் தொகுப்பு. அவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குழந்தையின் மனத்தில் அமைவதில்லை, ஒவ்வொன்றாகவே அமைகின்றன. எது அமைந்திருக்கிறது, எது இன்னும் அமையவில்லை என்று தெரிந்தால், எந்தச் சொற்களில் சொல்வது, எந்தக் கேள்விக்கு எப்படிப் பதிலளிப்பது என்பது தெளிவாகும்.

நான்கு கருத்துகள்

ஹங்கேரியைச் சேர்ந்த உளவியலாளர் மரியா நாகி, 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றி விசாரித்தார். பெரிய பிள்ளைகளை எழுதவும் வரையவும் சொன்னார். சின்னவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டார். 1948இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பல குழந்தைகளுக்கு மரணம் என்பது ஒரு பிரிவு, அல்லது ஓர் உறக்கம். இறந்தவர் வேறோர் இடத்தில் இருக்கிறார். அங்கே சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஒருநாள் திரும்பி வரக்கூடும். நாகி வகுத்த வயதுப் படிகள் பின்னாளில் திருத்தப்பட்டன. ஆயினும் சிறு குழந்தை நினைக்கும் மரணம் பெரியவர்கள் நினைக்கும் மரணம் அல்ல என்ற அவருடைய அடிப்படைக் கண்டறிதல் நிலைத்தது.

1984இல் மார்க் ஸ்பீஸ், சாண்டார் பிரென்ட் என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மரணம் என்ற கருத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினர். முதலாவது மீளாமை: இறந்தவர் மறுபடி உயிர்பெற முடியாது. இரண்டாவது இயக்கமின்மை: இறந்த உடல் மூச்சு விடாது, பார்க்காது, நினைக்காது, அதற்கு வலிக்காது. மூன்றாவது பொதுமை: உயிருள்ள எல்லாமே ஒருநாள் இறக்கும். பின்வந்த ஆய்வாளர்கள் நான்காவதாகக் காரணத்தைச் சேர்த்தனர்: மரணம் உடலில் நேரும் ஏதோ ஒன்றால் வருகிறது, கெட்ட நினைப்பாலோ சொன்ன பேச்சைக் கேட்காததாலோ வருவதில்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் முதல் மூன்றும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் அமைந்துவிடுகின்றன. ஆகவே நான்கு வயதுக் குழந்தையிடம் ஒன்றிரண்டு மட்டுமே இருக்கலாம். அதுவும் அரைகுறையாக இருக்கலாம்.

அந்த அரைகுறை எப்படிப்பட்டது என்பதை 2004இல் ஜெஸ்ஸி பெரிங், டேவிட் பியோர்க்லண்ட் ஆகியோர் நடத்திய சோதனை காட்டியது. குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டப்பட்டது. அதில் ஒரு சுண்டெலியை முதலை தின்றுவிடுகிறது. பிறகு, "சுண்டெலி இப்போது உயிரோடு இல்லை. அதற்குப் பசிக்குமா? அம்மாவைத் தேடுமா?" என்று கேட்டார்கள். சுண்டெலி செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட சிறு குழந்தைகளிலேயே பலர், அதற்குப் பசி இருக்கும், அம்மாமேல் ஆசை இருக்கும் என்றார்கள். நடப்பதும் சாப்பிடுவதும் கண்ணுக்குத் தெரிகிற செயல்கள். அவை நின்றுபோவதைக் குழந்தை எளிதில் ஏற்கிறது. பசி, வலி, ஏக்கம் போன்றவை உள்ளே நடப்பவை. அவையும் நின்றுவிடும் என்பது பிந்தியே புரிகிறது. இறந்த அப்பாவுக்குக் குளிருமா, இருட்டில் பயப்படுவாரா என்று குழந்தை கேட்பது இதனால்தான்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கருத்துகளில் எதுவும் இல்லை. ஆனால் ஏறத்தாழ எட்டு மாதத்திலேயே தன்னைப் பார்த்துக்கொள்பவர் இல்லாததை அது அறிகிறது, தேடுகிறது, அழுகிறது. அந்த வயதுக்குச் சொல்லிப் புரியவைக்க எதுவும் இல்லை. பழகிய கைகள் தூக்குவதும், உண்ணும் உறங்கும் நேரங்கள் மாறாமலிருப்பதுமே அதற்கு வேண்டியவை.

உடலில் தொடங்கும் விளக்கம்

இந்த நான்கு கருத்துகளையும் பிணைப்பது உடலைப் பற்றிய அறிவு. ஆஸ்திரேலிய உளவியலாளர் வர்ஜீனியா ஸ்லாட்டரும் மிஷேல் லயன்ஸும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு இதயம், நுரையீரல், வயிறு முதலியவை எதற்காக இருக்கின்றன என்று எளிமையாகக் கற்பித்தனர். மரணத்தைப் பற்றி அவர்கள் எதுவும் கற்பிக்கவில்லை. ஆனாலும் மரணத்தைப் பற்றிய அந்தக் குழந்தைகளின் புரிதல் மேம்பட்டது. உயிரோடு இருப்பதற்கு உடல் வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்த குழந்தைக்கு, வேலை நின்றால் என்னவாகும் என்பதும், நின்றதை ஏன் மறுபடி தொடங்க முடியாது என்பதும் தாமாகவே விளங்கத் தொடங்குகின்றன. 2007இல் ஸ்லாட்டர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு 4 முதல் 8 வயதுக் குழந்தைகளைப் பற்றியது. மரணத்தை உடல்சார்ந்து நன்கு புரிந்துகொண்ட குழந்தைகளிடம் மரண பயம் குறைவாக இருந்தது. உண்மையைச் சொன்னால் குழந்தை பயந்துவிடும் என்ற பரவலான எண்ணத்துக்கு நேர் எதிரான முடிவு இது.

எனவே குழந்தைக்குச் சொல்லும் செய்தியில் மூன்று பகுதிகள் தேவை: இறந்துவிட்டார் என்ற நேரடிச் சொல், அதன் பொருள் உடலின் மொழியில், திரும்பி வர முடியாது என்ற உறுதி. யார், எப்போது, எங்கே என்பவையும் முக்கியம். உயிரோடிருக்கும் தாயோ தந்தையோ சொல்வதே சிறந்தது. அவரால் முடியாத நிலையில், குழந்தை அன்றாடம் ஒட்டியிருக்கும் பாட்டியோ சித்தியோ சொல்லலாம். ஒப்பாரியிலிருந்தோ பக்கத்து வீட்டுப் பேச்சிலிருந்தோ குழந்தை தானாக ஊகிப்பதற்கு முன், கூடிய விரைவில், கூட்டமில்லாத பழகிய இடத்தில், குழந்தையைத் தொட்டபடி உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்பவர் அழலாம். அம்மா அழுவதைப் பார்க்கும் குழந்தை, அழுவது தவறில்லை என்று கற்றுக்கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, மாரடைப்பால் கணவரை இழந்த ஒரு பெண் ஐந்து வயது மகளிடம் இப்படிச் சொல்லலாம்:

"தங்கம், அம்மா உங்கிட்ட ரொம்ப வருத்தமான விஷயம் ஒண்ணு சொல்லணும். அப்பா இறந்துட்டாரு. அப்பாவோட இதயம் திடீர்னு நின்னுபோச்சு. டாக்டருங்க என்னென்னவோ பண்ணிப் பார்த்தாங்க, சரிபண்ண முடியல. அப்பா இனிமே மூச்சு விட மாட்டாரு, பேச மாட்டாரு, சாப்பிட மாட்டாரு. அவருக்கு வலி எதுவும் இல்ல. அப்பாவால இனிமே நம்மகிட்ட திரும்பி வர முடியாது."

இவ்வளவே முதல் செய்தி. இதன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பேசவிட வேண்டும். இறப்பு என்ற சொல்லே அந்த வயதுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் எறும்பும் பல்லியும் தெரு நாய்க்குட்டியும் செத்துப்போவதைக் குழந்தை பார்த்திருக்கும். தந்தையை 'செத்துப்போனார்' என்று சொல்லப் பெரியவர்களின் வாய் கூசும். ஆயினும் குழந்தைக்குத் தெரிந்த அந்த அனுபவத்தோடு செய்தியை இணைக்கலாம்: "அந்த நாய்க்குட்டி செத்துப்போனப்ப கூப்பிட்டும் எழுந்திரிக்கலல்ல? மனுஷங்களுக்கு அப்படி ஆனா இறந்துட்டாங்கன்னு சொல்வோம்."

மறுநாள் குழந்தை "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டால், அது மீளாமையைச் சோதித்துப் பார்க்கும் கேள்வி. முதல் நாள் சொன்ன அதே சொற்களில் அதே பதிலைச் சொல்ல வேண்டும். "நேத்தே சொன்னேனே" என்று அடக்கினாலோ, மனம் தாங்காமல் "வருவாரு" என்று சொன்னாலோ, குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே பதில் பலமுறை கிடைக்கும்போதுதான் அந்தக் கருத்து மனத்தில் ஊன்றுகிறது.

ஆறுதல் சொற்கள் செய்யும் தீங்கு

"அப்பா தூங்குறாரு" என்று சொன்னால், குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை என்றால் தூக்கமே ஆபத்தானது. சில நாட்களில் குழந்தை படுக்கப் பயப்படும், அல்லது அம்மா கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்பும். "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொன்னால், சொல்லாமல் போன அப்பாமேல் கோபம் வரும். வீட்டில் யார் பையைத் தூக்கினாலும் கலங்கும். "சாமி கூட்டிட்டுப் போயிட்டாரு, நல்லவங்களைச் சாமிக்குப் பிடிக்கும்" என்று கேட்ட குழந்தை சாமியறைக்குள் நுழைய மறுக்கலாம். நல்ல பிள்ளையாக இருப்பதே அபாயம் என்றும் நினைக்கலாம். "உடம்பு சரியில்லாம இறந்துட்டாரு" என்பது உண்மையே ஆனாலும் போதாது. அடுத்த முறை அம்மாவுக்குச் சளி பிடித்ததும் குழந்தை நடுங்கிப்போகும். நோயின் பெயரைச் சொல்லி, "இது சளி, காய்ச்சல் மாதிரி இல்ல, ரொம்ப ரொம்பப் பெரிய நோய்" என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

குழந்தை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று அறிய எளிய வழி, அதையே சொல்லச் சொல்வது. "அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால், தவறான புரிதல் வெளியே வந்துவிடும்.

தற்கொலையால் நேர்ந்த மரணத்திலும் இதே நெறிதான். வழிமுறை விவரம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. "அப்பாவோட மனசுல ஒரு நோய் இருந்துச்சு, அதுல அவரால சரியா யோசிக்க முடியல, அவரே தன் உயிரைப் போக்கிக்கிட்டாரு, அதுக்கு நீ காரணமில்ல" என்ற அளவுக்கு உண்மையைச் சொல்லலாம். மறைத்தால், பள்ளியில் வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து அது வரும். அப்போது குழந்தை செய்தியால் மட்டுமன்றி, வீட்டார்மேல் வைத்த நம்பிக்கை உடைவதாலும் காயப்படும்.

இறைநம்பிக்கை உள்ள குடும்பங்களில், அப்பா சாமியிடம் இருக்கிறார் என்று சொல்லக் கூடாதா என்ற கேள்வி எழும். பால் ஹாரிஸ், மார்த்தா ஹிமேனெஸ் ஆகியோர் 2005இல் ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. மருத்துவர் வரும் கதைக்குப் பின் கேட்டால், உடல் நின்றுவிட்டது என்றே பிள்ளைகள் அதிகமாகச் சொன்னார்கள். பாதிரியார் வரும் கதைக்குப் பின், இறந்தவர் வேறொரு வகையில் தொடர்கிறார் என்று சொல்வது கூடியது. ஒரே மனத்தில் இரண்டு புரிதல்களும் அருகருகே இருக்க முடியும். வரிசைதான் முக்கியம். உடல் நின்றுவிட்டது, திரும்பாது என்பதை முதலில் ஊன்றிவிட்டு, குடும்பத்தின் நம்பிக்கையை அதற்குப் பின் சொன்னால் குழப்பம் இல்லை. நம்பிக்கையை மட்டுமே சொன்னால், சாமி வீட்டுக்குப் போகும் பஸ் எது என்று குழந்தை கேட்கும்.

இறுதிச் சடங்கு

சாவு வீட்டிலிருந்து குழந்தைகளை அப்புறப்படுத்துவது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை திரும்பி வரும்போது அப்பா இல்லை. என்ன நடந்தது என்பதற்கு அது தானே ஒரு கதை கட்டிக்கொள்கிறது. விடைபெறும் வாய்ப்பும் போய்விடுகிறது. நான்கைந்து வயதிலிருந்தே, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே விவரித்துவிட்டு, வர விருப்பமா என்று கேட்கலாம். "அப்பா கூடத்துல படுத்திருப்பாரு. தொட்டா உடம்பு சில்லுன்னு இருக்கும். மாலை போட்டிருப்பாங்க. நிறைய பேர் சத்தமா அழுவாங்க. உனக்கு வேணாம்னா எப்ப வேணா வெளியே போயிடலாம்" என்ற அளவு போதும். சடங்குப் பொறுப்பு எதுவும் இல்லாத, குழந்தைக்குப் பிடித்த ஒருவர் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். குழந்தை வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. ஒரு பூவோ வரைந்த படமோ கொடுத்தனுப்பச் சொல்லலாம்.

தகனம் செய்யும் குடும்பங்களில் குழந்தை கட்டாயம் கேட்கும் கேள்வி, "நெருப்பு சுடாதா?" என்பது. இயக்கமின்மை இன்னும் முழுதாக அமையவில்லை என்பதை இக்கேள்வி காட்டுகிறது. "உயிரோட இருக்கிற உடம்புக்குத்தான் சுடும். அப்பாவோட உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு, அதுக்கு வலியே தெரியாது" என்ற விளக்கம் எரிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். சிறுவன் கொள்ளி வைக்க வேண்டிய குடும்பங்களில் இந்த முன்விளக்கம் இன்றியமையாதது. தந்தையைச் சுட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவன் மனத்தில் தங்கக் கூடாது. அவன் மறுத்தால் வேறொருவர் செய்ய வழி வைத்திருக்க வேண்டும். "இனிமே நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பளை" என்ற சொல்லையும் உறவினர்கள் தவிர்க்க வேண்டும். அது அவன் துக்கப்படும் உரிமையைப் பறித்து, சுமக்க முடியாத கடமையைத் தருகிறது.

கேட்காத மூன்று கேள்விகள்

சிறு குழந்தைகள் தங்கள் நினைப்புக்கும் நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருப்பதாக நம்புகிறார்கள். அதனால் அவர்கள் வாய்விட்டுக் கேட்காத மூன்று கேள்விகள் உள்ளே இருக்கும்: என்னாலதான் இப்படி ஆச்சா? எனக்கோ அம்மாவுக்கோ இதே மாதிரி ஆகுமா? இனிமே என்னை யார் பார்த்துக்குவாங்க? கேட்காவிட்டாலும் மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். "நீ கோவத்துல சொன்னதாலயோ அடம் பிடிச்சதாலயோ யாரும் இறக்க மாட்டாங்க" என்பது முதலாவதற்கு. இரண்டாவதற்கு, "நான் சாகவே மாட்டேன்" என்று வாக்களிக்கக் கூடாது. பொதுமை புரியும் வயதில் அது பொய்யாகிவிடும். "பெரும்பாலானவங்க வயசான பிறகுதான் இறப்பாங்க. அம்மா நல்லா இருக்கேன், ரொம்ப நாள் இருப்பேன்னு நினைக்கிறேன்" என்பது நேர்மையான பதில். மூன்றாவதற்குப் பெயர்கள் வேண்டும்: காலையில் பள்ளிக்கு யார் விடுவார்கள், சோறு யார் ஊட்டுவார்கள், அம்மாவுக்கு முடியாவிட்டால் எந்தச் சித்தி வருவார் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

துக்கம் விட்டுவிட்டு வரும்

அழுத கண் காய்வதற்குள் குழந்தை விளையாடுவது, உணர்ச்சியைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் கொஞ்சமாகவே இருப்பதால். நீர் நிறைந்த குடத்தைத் தூக்கி வரும் சிறுமி நாலு அடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவாள். குடத்தை அவள் விட்டுவிடவில்லை. குழந்தையின் துக்கமும் அவ்வாறே சிறிது நேரம் சுமக்கப்பட்டு, இறக்கப்பட்டு, மீண்டும் எடுக்கப்படுகிறது. விளையாட்டே அதற்கு ஓய்வு. பொம்மையைப் படுக்கவைத்து மாலை போடுவதுபோல, பல நேரங்களில் விளையாட்டே துக்கத்தைப் பேசும் மொழியாகவும் இருக்கிறது. அதைத் தடுக்கக் கூடாது.

சொற்களில் வராதது உடலில் வரும். நின்றுபோன படுக்கை ஈரம் திரும்பலாம், மழலை திரும்பலாம், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கலாம், அம்மா குளிக்கப் போனாலும் கதவருகே காத்திருக்கலாம். முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் இவை எதிர்பார்க்கத்தக்கவை. திட்டாமல் விட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

பின்வரும் ஆண்டுகள்

தாய் அல்லது தந்தையை இழந்த பிள்ளைகள் பின்னர் எப்படி இருக்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் நடத்திய ஹார்வர்ட் ஆய்வு விரிவாகப் பார்த்தது. 70 குடும்பங்களைச் சேர்ந்த, 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை, இறப்புக்குப் பின் 4 மாதம், 1 ஆண்டு, 2 ஆண்டு என மூன்று முறை சந்தித்தார்கள். பெரும்பாலோர் சமாளித்து எழுந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரிடம் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கடுமையான சிக்கல்கள் இருந்தன. யார் எந்தப் பக்கம் விழுவார்கள் என்பதை அதிகமாகத் தீர்மானித்தது, உயிரோடிருக்கும் பெற்றோர் எவ்வளவு நிலையாக இயங்குகிறார் என்பதே. வேளைக்கு உணவு, வழக்கமான தூக்க நேரம், கண்டிப்பில் மாற்றமின்மை, இறந்தவரைப் பற்றி வீட்டில் தடையில்லாமல் பேசுவது ஆகியவை இதில் அடங்கும். ஆகவே கணவரை இழந்த தாய்க்குச் சமையலிலும் பணத்திலும் தூக்கத்திலும் உறவினர்கள் தோள்கொடுப்பது குழந்தைக்கே செய்யும் சிகிச்சை.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இர்வின் சாண்ட்லர் குழுவினர் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தனர். துக்கத்திலிருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கூட்டப் பயிற்சி தந்தார்கள். பெற்றோருக்கும் 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் தனித்தனி அமர்வுகள். பெற்றோர் பிள்ளையின் பேச்சைக் கேட்கவும், இதமாகவும் உறுதியாகவும் நடத்தவும் கற்றார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம் துக்கச் சிக்கல்கள் குறைவாக இருந்தன.

ஹார்வர்ட் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இறந்தவரை மறந்து விலகுவதே குணம் என்று அதுவரை பலர் கருதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் இறந்தவரோடு மனத்தளவில் பேசினார்கள், அவர் தங்களைப் பார்க்கிறார் என நினைத்தார்கள், அவருடைய பொருள் ஒன்றை வைத்திருந்தார்கள். இதற்குத் தொடரும் பிணைப்பு என்று பெயரிட்டார்கள். அப்பாவின் சட்டை ஒன்று, கைக்கடிகாரம், குரல் பதிவு இவற்றைக் குழந்தைக்கென எடுத்து வைக்கலாம். தாத்தாவும் அத்தையும் சொல்லும் கதைகளும் இதற்கு உதவும்; நான்கு வயதில் இழந்தவருக்கு அப்பாவைப் பற்றிய சொந்த நினைவுகள் மிகச் சிலவே மிஞ்சும்.

குழந்தை வளர வளர, புதிதாக அமையும் ஒவ்வொரு கருத்தோடும் இழப்பை மறுபடி எண்ணிப் பார்க்கும். ஐந்து வயதில் "இதயம் நின்னுபோச்சு" போதுமானதாக இருந்தது. பத்து வயதில் ஏன் நின்றது, மருத்துவமனைக்குச் சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேள்வி வரும். பதினைந்தில் அந்த நோய் தனக்கும் வருமா என்று கேட்கும். துக்கம் ஆறாததன் அடையாளமாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. முதல் நாள் சொன்னது உண்மையாக இருந்தால், ஒவ்வொரு முறையும் அதன்மேல் கூடுதலாகச் சொன்னால் போதும். எதையும் திரும்பப் பெற வேண்டியிராது.

உதவி தேவைப்படும் நிலையைக் காலமும் கடுமையும் காட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாடம் தீராத ஏக்கம், பள்ளியையும் நண்பர்களையும் விட்டு விலகுதல், விளையாட்டே அற்றுப்போதல், சாப்பாடும் தூக்கமும் கெட்டபடியே இருத்தல் ஆகியவை தொடர்ந்தால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாடும் நீடித்த துக்கத்துக்குப் பெரியவர்களுக்கு 12 மாதமும் குழந்தைகளுக்கு 6 மாதமும் வரையறையாக வைத்திருக்கிறது. தானும் சாக வேண்டும், அப்பாவிடம் போக வேண்டும் என்று குழந்தை சொன்னால் காலக்கணக்குப் பார்க்கக் கூடாது. சிறு குழந்தை அதை வெறும் பிரிவாற்றாமையாலும் சொல்லலாம். ஆனாலும் போனால் என்ன ஆகும் என்று நினைக்கிறது என அமைதியாகக் கேட்டுவிட்டு, உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். இந்தியாவில் மனநலத்துக்கான டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்கான உதவி 1098 என்ற எண்ணிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.